தொட்டிக்குத் தண்ணீர்: காலையா மாலையா, தெளிப்பதா நனைப்பதா?

மொரீஷியஸ் தீவில் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் தொட்டிச் செடிக்கு எந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவது என்று இரண்டு ஊரிலும் கேட்டால் இரண்டு பதில் வரும். அந்தந்த ஊருக்கு இரண்டும் சரியாகவே இருக்கும். கடல் மட்டத்தில், மலைக்கு மறைவில் இருக்கும் போர்ட் லூயிஸில் நவம்பர் மாத நண்பகலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் அதே நாளில் மூட்டமும் தூறலுமாக இருக்கலாம். அங்கே தொட்டி மண் காய்வதற்கே சில நாள் பிடிக்கும்.

அதனால் "காலையா, மாலையா" என்ற கேள்விக்கு நேராகப் போவதில் பயனில்லை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஊற்றும் தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? மேல்மண் மட்டும் நனைகிற தொட்டிக்கு எந்த நேரத்தில் ஊற்றினாலும் அடுத்த நண்பகலுக்குள் தாகம் எடுத்துவிடும். அடிவரை நனைந்த தொட்டிக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசம் இருந்தால்தான் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமையே நமக்கு வருகிறது.

200 மில்லி எங்கே போகிறது

இந்தத் தீவின் மாடிகளில் அதிகம் காணும் அளவை எடுத்துக்கொள்வோம்: வாய் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. விளிம்புக்குக் கீழே 3 சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் அதில் சுமார் 12 லிட்டர் மண்கலவை பிடிக்கும். செம்மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள் கலந்த நல்ல கலவை தன் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு, செடி உறிஞ்சக்கூடிய தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஆக, முழுதாக நனைந்த தொட்டியில் செடிக்குக் கிடைப்பது 3 லிட்டர்.

இப்போது ஒருவர் பூவாளியை ஆட்டிக்கொண்டே வரிசையாக நடக்கிறார். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர் அளவு, 200 மில்லி விழுகிறது. மண் கறுத்துப் பளபளக்கிறது, பார்க்கத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டியின் மேற்பரப்பு சுமார் 660 சதுர சென்டிமீட்டர். 200 மில்லியை அதன்மேல் பரப்பினால் 3 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். காய்ந்த கலவையில் அது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நல்ல வெயில் நாளில் திறந்த ஈரப்பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை ஆவியாவது இங்கே சாதாரணம். ஊற்றியது வேர் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வானத்துக்குப் போய்விடுகிறது.

தினமும் இப்படித் தெளித்தால் செடி உடனே சாகாது. அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. செடி தன் வேரை ஈரம் இருக்கும் இடத்துக்கு, அதாவது மேல் 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குள் பரப்பிக்கொள்கிறது. தொட்டியிலேயே அதிகம் சூடேறுவதும் முதலில் காய்வதும் அந்த அடுக்குதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் இரவு திரும்பினால் செடி தலை தொங்கிக் கிடக்கும். தொட்டியின் கீழ்ப்பாதி மண்ணோ பல வாரமாகவே தூளாகக் கிடந்திருக்கும்.

இன்னொரு விளைவு மெதுவாக வரும். உரத்திலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள உப்புகள் அடி வழியாக வெளியேற வாய்ப்பே இல்லாமல், தண்ணீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடும். மண்ணின்மேல் வெள்ளைப் படலம், பிறகு இலை நுனி கருகுதல். இதைப் பார்த்து "உரம் போதவில்லை" என்று நினைத்து மேலும் உரம் போடுபவர்கள் உண்டு. வேண்டியதோ அடியில் ஒழுகும் அளவுக்கு ஒரு முறை தண்ணீர்.

ஆழமாக ஊற்றுவது எப்படி, ஏமாறுவது எப்படி

"அடித்துளை வழியாகத் தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள்" என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. பாதிதான் சரி. ஒரு முறை நன்றாகக் காய்ந்துபோன நார்த்தூள் கலவை தண்ணீரைத் தள்ளும். அதோடு சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி, சுற்றிலும் ஒரு மெல்லிய இடைவெளி விடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே வழுக்கி நேராக அடித்துளைக்கு வந்துவிடும். கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நிறுத்தினால், நடுவில் மண் உருண்டை பழையபடி காய்ந்தே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஊற்றிய சில நொடியிலேயே கீழே ஒழுகினால் சந்தேகப்படுங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: ஊற்றுவதற்கு முன் இருந்த அதே கனமாக இருந்தால் சந்தேகம் உறுதி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்க வேண்டும், கைக்கே தெரியும். அரை மணி கழித்து ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்ப்பதும் போதும். குச்சியில் எந்த உயரத்தில் மண் ஒட்டாமல் வறண்டு வருகிறதோ அந்த இடம் நனையவில்லை.

சாதாரணமாக நன்றாக இருக்கும் தொட்டிக்கு இரண்டு தவணையில் ஊற்றுவதே மிகச் சுலபமான வழி. முதலில் அரை லிட்டர், மண் முழுவதும் படும்படி மெதுவாக. பிறகு அடுத்த தொட்டிகளுக்குப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள். அதற்குள் முதல் தவணை மண்ணின் துளைகளை ஈரமாக்கியிருக்கும். ஈரமான மண்தான் அடுத்த தண்ணீரை வேகமாக உள்ளே இழுக்கும். இரண்டாம் தவணையாக மீதி ஒரு லிட்டரையோ ஒன்றரை லிட்டரையோ ஊற்றும்போது அது சுவரோரம் ஓடாமல் பரவி இறங்கும். அடியில் ஒரு டம்ளர் அளவு, அதாவது ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு ஒழுகினால் நிறுத்திவிடலாம். உப்பைக் கழுவ அந்த ஒழுக்கு போதும்.

முற்றிலும் காய்ந்து சுவர் விட்ட தொட்டிக்கு இந்த முறை உதவாது. அதற்கு ஊறவைக்கும் முறைதான். அகலமான வாளியிலோ பேசினிலோ தொட்டியை இறக்கி, தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை தண்ணீர் நிரப்புங்கள். துளை வழியாகத் தண்ணீர் ஏற ஏற மேலே குமிழி வரும். குமிழி நின்று மேல்மண்ணும் கறுத்தால், பொதுவாக அரை மணிக்குள், வேலை முடிந்தது. தூக்கி ஒரு செங்கல்மேல் வைத்து வடியவிடுங்கள். மண் பிடிவாதமாகத் தண்ணீரை ஏற்கவில்லையென்றால் வாளியில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் ஏற்கும், அதற்கு மேல் வேண்டாம். தினசரி வேலைக்கு இந்த முறை ஒத்துவராது. பன்னிரண்டு தொட்டியைத் தூக்கி இறக்கினால் இடுப்பு பேசும். தவிர, எப்போதும் கீழிருந்தே ஈரம் ஏறினால் உப்பு மேலேயே சேரும். வெளியூர் போய்த் திரும்பிய நாளுக்கான மருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஊற்றினால் வேர் அழுகாதா என்ற பயம் இயல்பானது. ஆனால் ஒரே நேரத்தில் அதிகமாக ஊற்றியதால் வேர் அழுகுவதில்லை. துளை அடைபடாத தொட்டியில் மிகுதி அரை மணிக்குள் வடிந்துவிடும். மண் காய்வதற்கு முன்பே மறுபடி மறுபடி ஊற்றுவதால்தான் காற்று நுழைய இடமில்லாமல் வேர் அழுகுகிறது. எந்தத் தொட்டியிலும் வடிந்த பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் சொதசொதவென்றுதான் இருக்கும். உயரமான தொட்டியில் இது பொருட்டல்ல. 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள கொத்தமல்லிப் பெட்டியில் அதுவே கணிசமான பங்கு. ஆழமில்லாத பெட்டியில் தண்ணீர் ஊற்றும் இடைவெளியில் கவனம் கூடுதலாக வேண்டியது இதனால்தான். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பார்கள். நடப்பது நேர்மாறு: அந்தச் சொதசொத அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். அந்த இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள்.

நேரம்

காலையின் பலம் எளிமையானது. விடிந்ததும் இலைத்துளைகள் திறக்கின்றன, செடி தண்ணீரை இழுக்கத் தொடங்குகிறது, நண்பகலை ஒட்டி அந்த இழுப்பு உச்சத்துக்குப் போகிறது. அந்த ஓட்டம் தொடங்குவதற்கு முன் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். கோடையில் இங்கே ஐந்தரை மணியை ஒட்டியே விடிந்துவிடுகிறது. ஏழு மணிக்குள் முடித்தால் நல்லது. ஜூலையில் ஆறே முக்காலுக்குத்தான் சூரியன் வருவார், அப்போது எட்டு எட்டரை வரை தாராளம். காலையில் இலைமேல் தவறிச் சிந்தினாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே தக்காளி, இங்கே பொம்தாமூர் என்றால்தான் சந்தையில் புரியும், வைத்திருப்பவர்கள் காலையை விரும்ப வேண்டும். அதன் இலைக் கருகல் நோய்க்கு வித்துகள் முளைக்க இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு இலையை நனைத்தால் பொழுது விடியும் வரை அந்த ஈரத்தை நாமே ஏற்பாடு செய்து கொடுத்ததாகும்.

நண்பகலைப் பற்றி நிலவும் அச்சத்தில் பாதி வீண். இலைமேல் நிற்கும் துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் வழவழப்பான இலைகளில் அப்படிச் சுடுவதில்லை என்று காட்டினார்கள். துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் ரோம இலைகளில் மட்டும் அதற்குச் சாத்தியம் இருந்தது. நண்பகலின் உண்மையான ஆபத்து துளியில் இல்லை, குழாயில் இருக்கிறது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து, வெயிலில் கிடந்த குழாய் வழியாக வரும் முதல் தண்ணீர் கை தாங்காத சூடாக வரும். அதை வேரில் ஊற்றினால் செடிக்கு வெந்நீர்க் குளியல்தான். முதல் வாளியைப் பிடித்து நிழலில் வைத்துவிட்டு, தண்ணீர் குளிர்ந்து வரும்போது ஊற்றுங்கள்.

நண்பகலில் வாடி நிற்கும் செடியைக் கண்டதும் பூவாளியைத் தூக்காமல் விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை செருகிப் பாருங்கள். கத்தரி, பூசணி போன்ற அகன்ற இலைச் செடிகள் ஈரம் இருந்தும் பகல் வெயிலில் தளரும், ஐந்து மணிக்குத் தாமாகவே நிமிரும். மண் காய்ந்திருந்தால் மாலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஊற்றுங்கள். நண்பகலில் ஊற்றுவதால் சிறிது ஆவியாகும், ஆனால் வாடலை நீட்டினால் பூவும் பிஞ்சும் உதிரும். மண் ஈரமாக இருந்தும் விடியற்காலையில்கூடச் செடி தொங்கினால் அது தாகமில்லை, வேர் பழுதாகியிருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது எரிகிற தீயில் எண்ணெய்.

மாலைக்கு இங்கே கிடைக்கும் மதிப்பெண் வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடக் கூடுதல் என்பது நம் கருத்து. காரணம் இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் சொன்ன விதியைத் தொட்டிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. தொட்டியில் வேருக்குக் கிடைக்கும் மண் கொஞ்சம்தான், பக்கச்சுவரும் வெயிலில் காய்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நாற்றங்கால் தொட்டிகளில் செய்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று, விடிவதற்கு முன் தண்ணீர் பெற்ற செடிகளைவிட நண்பகலிலிருந்து மாலைக்குள் பெற்ற செடிகள் நன்றாக வளர்ந்ததைக் கண்டது. வெயில் உச்சத்தில் மண் காயாமலும் அதிகம் சூடேறாமலும் இருந்ததே காரணம். அந்தச் சோதனையில் தண்ணீரை மண்ணுக்கு மட்டும் விட்டார்கள், இலையில் தெளிக்கவில்லை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே மாலையை ஒதுக்க வேண்டாம், மாலையில் இலையை நனைப்பதைத்தான் ஒதுக்க வேண்டும். பூவாளியின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு மூக்கை மண்ணருகே வைத்து ஊற்றுங்கள். இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடியுங்கள். ஜூனில் ஐந்தே முக்காலுக்குள் இருட்டத் தொடங்குவதால் நான்கு மணி, ஜனவரியில் ஏழு மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஐந்தரை. இரவில் மேல்மண் ஈரமாகக் கிடந்தால் கூர்ப்பா வரும். ஆப்பிரிக்க ராட்சத நத்தையைத்தான் கிரியோலில் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே இரவில் ஒரு பெட்டிக் கொத்தமல்லி நாற்றையும் மொட்டையடிக்க இரண்டு கூர்ப்பா போதும். இங்கும் மேலோட்டத் தெளிப்புதான் அதற்கு விருந்து வைக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆழமாக ஊற்றினால் மற்ற இரவுகளில் மேல்மண் காய்ந்திருக்கும்.

விரும்பிய நேரத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பது இன்னொரு நடைமுறைச் சிக்கல். தீவின் பல பகுதிகளில் குறிப்பிட்ட மணி நேரம்தான் விநியோகம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் தோட்டத்துக்குக் குழாய் வைத்து ஊற்றவே தடை வருவதுண்டு. மாலையில் மட்டும் தண்ணீர் வரும் வீட்டுக்காரர், அப்போதே ஊற்றித் தீர்க்க வேண்டும் என்றில்லை. மூடியுள்ள பீப்பாயில் பிடித்து வைத்து மறுநாள் காலை பூவாளியில் ஊற்றலாம். இரவு முழுவதும் குளிர்ந்த தண்ணீர் என்பது கூடுதல் நன்மை. பூவாளியால் ஊற்றினால் எத்தனை லிட்டர் போகிறது என்ற கணக்கும் கையில் நிற்கும். குழாயால் ஊற்றுபவருக்கு அது ஒருபோதும் தெரிவதில்லை.

ஒரு மாடி, ஒரு நவம்பர் வாரம்

போர்ட் லூயிஸில் ஒரு மொட்டை மாடி. மேற்கு பார்த்த சுவரோரம் 30 சென்டிமீட்டர் தொட்டிகள் ஆறு: காய்க்கும் தக்காளி இரண்டு, மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, துளசி ஒன்று. கூடவே ஒரு கொத்தமல்லிப் பெட்டி. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் இங்கே கிரியோலில் காரிபுலே, கொத்தொமிலி என்று தமிழ்ச் சாயலோடுதான் புழங்குகின்றன, ஆகவே அக்கம்பக்கத்தில் எவரோடும் இதைப் பேசிக்கொள்ளலாம். இதுவரை தினமும் மாலை ஆறரைக்குப் பூவாளியால் மேலோட்டமாகத் தெளித்துவந்தார்கள். தக்காளி தினமும் பதினொரு மணிக்கே வாடுகிறது, கீழ் இலைகளில் கரும்புள்ளி.

முதல் நாள் தக்காளித் தொட்டி ஒன்றை ஊறவைத்து, வடிந்த பிறகு குளியலறைத் தராசில் நிறுத்தினால் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் செடிக்கு உதவும் தண்ணீர் 3 கிலோ. 9 கிலோவுக்கு இறங்கினால் செடி வாடிவிடும். பாதித் தண்ணீர் போன நிலையான 10.5 கிலோவில் மறுபடி ஊற்ற வேண்டும் என்பது விதி. காலை ஏழு மணிக்கு 12 கிலோ இருந்த தொட்டி மாலை ஐந்து மணிக்கு 10.6 ஆகிவிட்டது என்றால் அந்தச் செடி ஒரே பகலில் 1.4 லிட்டர் செலவழிக்கிறது. முன்பு கொடுத்துவந்த 200 மில்லி எங்கே, இந்தச் செலவு எங்கே. வாடியதில் வியப்பில்லை.

தக்காளிக்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு: தினமும் காலை இரண்டு தவணையில் ஒன்றரை லிட்டர், கீழே சிறிது ஒழுகும் வரை. காய்ப்பு கூடி, பகல் செலவு 2 லிட்டரைத் தாண்டும் நாள்களில் மூன்று மணிக்கு அரை லிட்டர் இன்னொரு தவணை, மண்ணுக்கு மட்டும். ஒரு நாள் வறண்டும் மறுநாள் வெள்ளமுமாக இருந்தால் பழம் வெடிக்கும், காயின் அடி கறுத்து அழுகும். அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாமலில்லை, அதை எடுத்துச் செல்லத் தண்ணீர் ஒரே சீராக ஓடுவதில்லை.

மிளகாய் அதே தராசில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் மட்டும் இழந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்றரை லிட்டர். கறிவேப்பிலைக்கு இன்னும் இடைவெளி வேண்டும். இலை மஞ்சளாகிறது என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவதே பல வீட்டுக் கறிவேப்பிலையைக் கொல்கிறது. மேலே 5 சென்டிமீட்டர் காய்ந்த பிறகே ஊற்றுங்கள், ஊற்றும்போது அடிவரை ஊற்றுங்கள். துளசிக்குப் பூசை முடிந்து தினமும் ஒரு செம்பு ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளில் அந்தச் செம்பை நிறுத்தச் சொல்வதற்கில்லை. அது தெளிப்புக் கணக்கில் சேரும் என்று மனதில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை தனியாக ஆழமாக ஊற்றினால் போதும்.

தராசு ஒரு வாரத்துக்குத்தான். அதற்குள் கை கற்றுக்கொள்ளும்: தொட்டியின் விளிம்பை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்தாலே ஊற்ற வேண்டிய நாளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்த மாடியில் இன்னொரு விஷயத்தையும் மாற்ற வேண்டும். கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கச் சுவர் பிற்பகல் வெயிலில் வேர் தாங்காத அளவுக்குச் சூடேறும். செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் அந்தப் பக்கத்து வேர் மட்டும் பழுப்பாகச் செத்திருப்பதைக் காணலாம். வேர் செத்த பக்கம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உறிஞ்ச ஆளில்லை. பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும். தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் ஒன்றுக்கொன்று நிழல் தரும். மண்ணின் மேல் 3 சென்டிமீட்டருக்குக் காய்ந்த கரும்புச் சோகை பரப்பினால் ஆவியாவது நன்றாகக் குறையும். இந்தத் தீவில் சோகைக்கு என்ன பஞ்சம். ஆனால் சோகை போட்ட தொட்டியில் தெளிப்பது இன்னும் வீண்: தண்ணீர் சோகையை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

இதே ஆறு தொட்டியையும் பெட்டியையும் கியூர்பிப்புக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறும். அங்கே தக்காளித் தொட்டி ஒரு நாளில் அரை லிட்டர்கூட இழக்காத நாள்கள் பல உண்டு. அங்கே காலை மட்டும்தான், அதுவும் கனம் பார்த்து. மாலையைத் தொடவே வேண்டாம், பனியும் தூறலும் இலையை ஏற்கெனவே நனைத்து வைத்திருக்கும். தூறல் விழுந்ததே என்று ஊற்றாமல் விடுவதும் தவறாகலாம். அடர்ந்த செடியின் இலைகள் குடைபோல் மறித்து, தூறலைத் தொட்டிக்கு வெளியே வழியவிடும். மேலே ஈரமும் உள்ளே வறட்சியுமாக இருக்கும், அதாவது மழையே தெளிப்பு வேலை செய்துவிட்டுப் போயிருக்கும். விரலோ குச்சியோ அங்கேயும் வேண்டும்.

தெளிப்பதே சரியான இடம்

ஒரே ஒரு கட்டத்தில் தெளிப்பு வெல்கிறது. விதைத்த கொத்தமல்லி முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை விதை இருப்பது மேலே ஒரு சென்டிமீட்டருக்குள், அந்த அடுக்கு காயவே கூடாது. விதைப்பதற்கு முந்தின நாள் பெட்டி மண்ணை அடிவரை நனைத்துவிட்டு, பிறகு தினமும் காலையும் மாலையும் மெல்லிய சல்லடையால் தெளியுங்கள். அடியில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் இந்தத் தெளிப்புக்கு 100 மில்லி போதும். மாலைத் தெளிப்பை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவெல்லாம் நனைந்து கிடக்கும் முளைகள் தண்டு அடியில் நூல்போல் சுருங்கிச் சாயும், அப்படிச் சாய்ந்தவை எழுவதில்லை. முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு நிஜ இலை வந்ததும் தெளிப்பை நிறுத்தி, மண் சற்றுக் காய்ந்த பிறகு ஆழமாக ஊற்றும் முறைக்கு மாறுங்கள். வேர் கீழே இறங்கக் காரணம் இருந்தால்தான் இறங்கும்.

கடைசியாகத் தட்டு. ஆழமாக ஊற்றுபவர்களின் தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கும். தெளிப்பவர்களிடம் இல்லாத ஒரே ஆபத்து இது. 2006-ல் சிக்குன்குனியா இந்தத் தீவையும் ரியூனியனையும் என்ன செய்தது என்று ஊர் மறந்திருக்காது. அதைப் பரப்பும் புலிக்கொசுவுக்குத் தேவை ஒரு தட்டுத் தண்ணீரும் ஒரு வாரம் பத்து நாளும்தான். ஊற்றி அரை மணி கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தொட்டிக்கு ஊற்றினால் முதல் தொட்டியின் உப்பும் நோயும் சேர்ந்தே போகும், அதனால் வேறெங்காவது தரையில் கொட்டுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டிக்குத் தட்டே வேண்டாம், மூன்று ஓட்டுத் துண்டின்மேல் நிறுத்தி வையுங்கள். பிடித்து வைக்கும் பீப்பாய்க்கும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அல்லது வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும்.